போதை இறங்கும்போது ஏறுகிற பயம்

ஒரு குவார்ட்டர் பாட்டிலில் 180 மில்லி இருக்கிறது. பிராந்தியோ ரம்மோ, டாஸ்மாக் கடையில் விற்கும் பெரும்பாலான பாட்டில்களின் லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பெருக்கிப் பார்த்தால் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடையில் 60 கிராமுக்குச் சற்று மேல். எழுபது கிலோ எடையுள்ள ஆணின் உடம்பு இதை மணிக்குச் சுமார் ஏழு கிராம் என்ற வேகத்தில்தான் எரித்துத் தீர்க்கும். ஆளுக்கு ஆள் இந்த வேகம் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்து தலையில் தேய்த்தாலும், பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் கல்லீரல் அவசரப்படாது. 60 கிராம் தீர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

குடித்த மறுநாள் வருகிற காரணமில்லாத பயத்தைப் புரிந்துகொள்ள இந்த எட்டு மணி நேரக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தப் பயத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹேங்சைட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதைப் படபடப்பு என்பார்கள், கை உதறல் என்பார்கள், ‘மனசு சரியில்லை’ என்பார்கள். பெரும்பாலும் எதுவும் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயது, எழுபது கிலோ எடை, தினமும் குடிக்கும் பழக்கம் இல்லாதவர். ஞாயிற்றுக்கிழமை ஓர் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மச்சானோடு உட்கார்ந்து எட்டரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடிக்கிறார். பதினொரு மணிக்குப் படுக்கையில் விழும்போது, 100 மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய 90 மில்லிகிராம் ஆல்கஹால் ஓடுகிறது. மூன்று மணிக்கு அது 30-க்கு இறங்குகிறது. ஐந்து மணிக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

அவர் விழித்துக்கொள்வது மூன்றரைக்கு. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உள்ளங்கை வேர்த்திருக்கிறது, வெளியே பனி. முதலில் வருவது பயம் மட்டும்தான், எதைப் பற்றி என்பது இன்னும் முடிவாகவில்லை. அரை நிமிடம் கழித்துத்தான் அது ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்கிறது: வரவேற்பில் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்வையிடும் டீமேக்கரும் வந்திருந்தாரே, அவரிடம் நான் என்ன பேசினேன்?

பயம் முன்னால் வந்தது, காரணம் பின்னால் வந்தது என்ற இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. குடித்தவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

மூளையில் ஆல்கஹால் செய்யும் வேலைகள் பல. அவற்றில் நமக்கு வேண்டியவை இரண்டு. மூளை செல்களை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் உண்டு. ஆல்கஹால் அதன் பிடியை வலுவாக்குகிறது. செல்களைத் தூண்டிவிடும் குளூட்டமேட் என்ற இன்னொன்று உண்டு. அது வந்து உட்காரும் என்எம்டிஏ என்ற ஏற்பியை ஆல்கஹால் மந்தமாக்குகிறது. 1989-இல் அமெரிக்காவில் லவிங்கர் என்பவரும் சக ஆய்வாளர்களும், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியின் நரம்பு செல்களில் ஆல்கஹாலை விட்டு, அந்த ஏற்பி வழியாகப் பாயும் மின்னோட்டம் குறைவதை நேரடியாக அளந்து காட்டினார்கள். மனிதர்கள் குடித்துக் கிறங்கும் அளவுகளிலேயே அது நடந்தது. ஆக, அமைதியாக்குவது கூடுகிறது, தூண்டிவிடுவது குறைகிறது. கல்யாண வீட்டில் ஒன்பது மணிக்கு நம்மவருக்குத் தோள்பட்டை தளர்ந்ததும், யாரிடமும் பேசக் கூச்சம் விட்டுப்போனதும் இதனால்தான்.

மூளை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. சந்தைத் தராசின் ஒரு தட்டில் திடீரெனப் பாரம் ஏறினால் கடைக்காரர் என்ன செய்வார்? மறுதட்டில் படிக்கற்களை வைத்துச் சமன் செய்வார். மூளையும் அதையே செய்கிறது. காபா ஏற்பிகள் கொஞ்சம் மந்தமாகின்றன, சில செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. குளூட்டமேட் பக்கம் கூடுதல் முறுக்கு ஏற்றப்படுகிறது. சிக்கல் என்னவென்றால், பாரம் ஏறிய தட்டில் இருப்பது ஆவியாகிற திரவம். அது மணிக்கு ஏழு கிராமாகக் குறைந்துகொண்டே வருகிறது. படிக்கற்களோ அந்த வேகத்தில் இறங்குவதில்லை. திரவம் வற்றுகிறபோது தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காபா தளர்ந்து, குளூட்டமேட் ஓங்கி, முதல் நாள் மாலை இருந்ததை விடவும் அதிகமாக விழிப்புற்று, விறைத்து, அதிர்ந்து நிற்கிற ஒரு மூளை மிஞ்சுகிறது.

இத்தனை விரைவாக, ஒரே இரவுக்குள் மூளை பதில் சொல்லுமா என்று கேட்கலாம். சொல்லும் என்பதற்கு நூறு வருடப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1919-இல் எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி நாய்களுக்குச் சாராயம் கொடுத்து ஒரு விஷயத்தைக் கவனித்தார். இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டிருக்கும்போது ஓர் அளவில் தள்ளாடும் நாய், இறங்கிக்கொண்டிருக்கும்போது அதே அளவில் அவ்வளவு தள்ளாடுவதில்லை. அளவு ஒன்று, ஆனால் விளைவு வேறு. இடைப்பட்ட சில மணி நேரத்தில் மூளை எதிர்ப்பக்கம் எடை வைத்துவிட்டது.

இதை நம்மவர் மேல் வைத்துப் பாருங்கள். இரவு ஒன்பதேகாலுக்கு, பாதி பாட்டில் முடிந்த நிலையில், அவர் இரத்தத்தில் சுமார் 50 மில்லிகிராம். அப்போது அவர் மச்சான் தோளில் கைபோட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். விடியற்காலை இரண்டு மணிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். இப்போது புரண்டு படுக்கிறார், பல்லைக் கடிக்கிறார், கனவில் யாரோ துரத்துகிறார்கள். பயம் வருவதற்கு ஆல்கஹால் முழுவதும் தீர வேண்டியதில்லை. அது இறங்கத் தொடங்கினாலே போதும். தீரும் தறுவாயில் அது உச்சத்துக்குப் போகிறது. ஹேங்ஓவரின் மற்ற தொல்லைகளும் இரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யத்தை நெருங்கும் நேரத்தில்தான் முழு வீச்சில் இருக்கும்.

அளவு கூடினால் இந்தக் கடிகாரம் தள்ளிப்போகும். அதே ஆள் இரண்டு குவார்ட்டர் குடித்திருந்தால் 120 கிராம் தீர மறுநாள் மதியம் ஒன்றரை, இரண்டு மணி ஆகிவிடும். காலை எட்டு மணிக்கு எழுந்து ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்லிக்கொண்டு திரிவார். அது உண்மையும்கூட, ஏனென்றால் அவருக்குப் போதை இன்னும் இறங்கவே இல்லை. சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வயிற்றைப் பிசையும்போது அதற்கும் நேற்றைய பாட்டிலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றாது. பீர்தானே என்று சமாதானம் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எட்டு சதவீத ஸ்டிராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம் இருக்கிறது. இரண்டு பாட்டில் என்பது ஒரு குவார்ட்டரை விடவும் அதிகம்.

எதிர்ப்பக்கம் சாய்ந்த தராசு மூளையின் மேல்தளத்தில் மட்டும் வேலை காட்டுவதில்லை. மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரக்கும் சிறு செல்கூட்டம் ஒன்று இருக்கிறது. ஆபத்து வந்தால் உடம்பை எழுப்பிவிடுவது அதன் பொறுப்பு. ஆல்கஹால் இருக்கும்வரை அமுங்கிக் கிடந்த அது, பிடி விட்டதும் ஓங்கி எழுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, விரல் நடுங்குகிறது, வேர்க்கிறது, வயிறு சுருங்குகிறது. மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலும் கூடுகிறது. இயல்பான நாளிலேயே விடியற்காலையில் கார்ட்டிசால் ஏறத் தொடங்கும் என்பதால், மூன்றரை நான்கு மணி விழிப்பு இரண்டு ஏற்றங்களும் சேர்கிற இடத்தில் அமைந்துவிடுகிறது.

தூக்கமும் கை கொடுப்பதில்லை. குடித்த இரவின் முதல் பாதியில் தூக்கம் கல்லைப் போல ஆழமாக இருக்கும், கனவுத் தூக்கம் அமுக்கப்பட்டிருக்கும். பிற்பாதியில் கடனை வட்டியோடு கேட்பது மாதிரி கனவுகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும், தூக்கம் துண்டு துண்டாக உடையும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் ஆல்கஹால் தடுப்பதால் மூத்திரப்பை வேறு எழுப்பிவிடும். கெட்ட கனவிலிருந்து அரைகுறையாக எழுந்து, இருட்டில், அடிக்கிற நெஞ்சோடு குளிர்ந்த கழிப்பறைத் தரையில் நிற்கிற மனிதருக்கு உலகம் எப்படித் தெரியும் என்று தனியாக விளக்க வேண்டுமா?

மலையில் இதற்கு ஓர் உபரிக் கேடும் உண்டு. குளிருக்கு இதமாக என்று சொல்லித்தான் இங்கே பாதிப் பேர் பாட்டிலைத் திறக்கிறார்கள். ஆல்கஹால் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்கும் சூடான இரத்தம் தோலுக்கு வருவதால் கன்னமும் காதும் கதகதக்கிறது. அந்தக் கதகதப்பு உடம்பிலிருந்து வெளியேறிப்போகிற வெப்பம். மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற நேரமும், குவார்ட்டர் தீர்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். குளிரை எதிர்க்க உடம்பு எடுக்கும் முதல் நடவடிக்கை, அதே நார்அட்ரினலினைச் சுரந்து இரத்தக் குழாய்களைச் சுருக்குவதும் நடுங்குவதும். ஆக, போதை இறங்குகிற நடுக்கமும் குளிர் நடுக்கமும் ஒரே நரம்புப் பாதையில் வந்து சேர்கின்றன. எது எது என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. இரண்டு கம்பளியைப் போர்த்தி, சூடாக எதையாவது குடித்து அரைமணி நேரம் கழித்து, கையை நீட்டி விரல்களைப் பாருங்கள். குளிர் நடுக்கம் நின்றிருக்கும். மற்றது மெல்லியதாக, வேகமாக, விரல் நுனியில் தொடரும்.

சமவெளியிலிருந்து ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வந்து முதல் இரவிலேயே குடிக்கும் சுற்றுலாப் பயணிக்குக் கூடுதலாக ஒன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பழகாத உடம்பு அதை ஈடுகட்ட முதல் ஒன்றிரண்டு நாள் இதயத்தைச் சற்று வேகமாகவே ஓட்டும். அந்த வேகத்தின் மேல் ஹேங்ஓவரின் வேகமும் ஏறும்போது, ஹார்ட் அட்டாக் வந்துவிட்டது என்று நள்ளிரவில் லாட்ஜ் மேலாளரை எழுப்புகிறவர்கள் உண்டு.

நம்மவரிடம் திரும்புவோம். உடம்பு அபாய மணியை அடித்துவிட்டது, ஆனால் அறையில் அபாயம் எதுவும் இல்லை. மனித மனத்தால் காரணமில்லாத பயத்தோடு ஐந்து நிமிடம் இருக்க முடியாது. உடனே தேடத் தொடங்கிவிடும். குடித்த இரவு அதற்கு வேண்டிய தீனியைத் தாராளமாக வைத்துவிட்டுப் போயிருக்கும். நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸில்தான் ஆல்கஹால் என்எம்டிஏ ஏற்பியை மந்தமாக்குகிறது என்று பார்த்தோம். வேகமாகக் குடித்தவருக்கு இரவின் சில பகுதிகள் பதிவாகியே இருக்காது. மறந்துபோனவை என்றால் எங்கோ கிடக்கும், தேடினால் அகப்படும். பதிவாகாதவற்றை எவ்வளவு கசக்கினாலும் எடுக்க முடியாது. அந்த இடைவெளியைப் பயந்துபோன மனம் தன் விருப்பத்துக்கு நிரப்புகிறது. டீமேக்கரிடம் பேசியது நினைவில் இல்லை, அதனால் மோசமாகத்தான் பேசியிருப்பேன். மச்சானின் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை, அதனால் கோபமாக இருக்கிறார். நேரம் அதிகாலை நான்கு மணி என்பது அந்தத் தர்க்கத்தில் ஒரு பொருட்டே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எல்லாமே வேதியியல் என்று சொல்லி எவருக்கும் நற்சான்று கொடுத்துவிட முடியாது. குடித்துவிட்டு உண்மையிலேயே ஒருவரைப் புண்படுத்தியிருக்கலாம். ஆனால் அதை அதிகாலை நான்கு மணிக்கு அளக்க முடியாது, அளக்கும் கருவியே பழுதாக இருக்கிறது. மதியம் சாப்பிட்ட பிறகும் அந்த எண்ணம் அதே கனத்தோடு நின்றால் அதில் விஷயம் இருக்கிறது, மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். இரத்தத்தில் ஆல்கஹால் இறங்க இறங்கப் பெருத்து, சாப்பாட்டுக்குப் பிறகு சுருங்கிப்போனால், அது பெரும்பாலும் தராசின் வேலை.

யாருக்கு இது அதிகம் வருகிறது என்பதற்கும் ஓரளவு பதில் இருக்கிறது. 2019-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜையும் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், கூச்ச சுபாவம் கூடியவர்களும் குறைந்தவர்களுமாகச் சுமார் நூறு பேரைக் குடிக்கும் முன்பும், குடிக்கும்போதும், மறுநாளும் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். அதிகக் கூச்சமுள்ளவர்களுக்குக் குடிக்கும்போது பதற்றம் கொஞ்சம்தான் குறைந்தது, மறுநாளோ கணிசமாக ஏறியது. அதைவிடக் கவனிக்க வேண்டியது இது: அந்தக் கூச்சக்காரர்களில் மறுநாள் பதற்றம் அதிகமாக இருந்தவர்களுக்கே குடிநோயின் அறிகுறிகளும் அதிகமாக இருந்தன. நாலு பேரிடம் பேசும் தைரியத்துக்காகக் குடிப்பவருக்கு மறுநாள் அந்த நாலு பேரை நினைத்தாலே நடுக்கம் என்றால், அடுத்த முறை அவர்களைப் பார்க்க இன்னும் கொஞ்சம் தேவைப்படும்.

ஆய்வுகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். காபாவும் குளூட்டமேட்டும் எதிர்ப்பக்கம் சாய்கிற கதைக்கான ஆதாரம் பெரும்பாலும் எலிகளிலிருந்தும், நீண்டகாலம் குடித்து நிறுத்தியவர்களிடமிருந்தும் வந்தது. ஒரே முறை ஆல்கஹால் கொடுத்த எலிகள்கூட, இரத்தத்தில் அது தீர்ந்த பிறகு, கூட்டல்குறி வடிவப் பரிசோதனை மேடையின் திறந்த, சுவரில்லாத கைகளுக்குப் போகத் தயங்கி மூடிய பகுதியிலேயே ஒதுங்குகின்றன. ஆனால் ஒற்றை இரவுக் குடிக்குப் பின் மனித மூளைக்குள் நடப்பதை நேரடியாக அளந்த ஆய்வுகள் குறைவு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளப்பும் அழற்சிக்கும், ஆல்கஹால் சிதையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடுக்கும் இதில் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். எவ்வளவு பங்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

விடிந்துவிட்டது. மனைவி எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறார், “டீ போடட்டுமா?” என்கிறார். தேயிலை ஊரில் இதற்கு மறுப்பு என்ற பதிலே கிடையாது. ஆனால் கெட்டியான டீயில் உள்ள காஃபின், ஏற்கெனவே ஓங்கி நிற்கும் நார்அட்ரினலினுக்கு இன்னும் தூண்டுகோல் கொடுக்கும், அதன் பாதி அளவு உடம்பிலிருந்து இறங்கவே ஐந்து மணி நேரம் ஆகும். தினமும் டீ குடிப்பவர் அடியோடு நிறுத்தினால் தலைவலி தனியாக வரும் என்பதால் வழக்கமான முதல் கோப்பையோடு நிறுத்திக்கொள்ளலாம். நடுக்கம் நிற்கவில்லையே என்று மூன்றாவது, நான்காவது கோப்பைக்குப் போவதுதான் தவறு. இரவு ஊறுகாயும் அவித்த முட்டையுமாகச் சமாளித்துச் சோறு சாப்பிடாமல் படுத்தவராக இருந்தால் வேறொன்றும் சேரும். ஆல்கஹாலை எரிப்பதில் முனைந்திருக்கும் கல்லீரல், இரத்தத்துக்குப் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைக் குறைத்துவிடுகிறது. சர்க்கரை இறங்கினால் வருகிற வேர்வையும் நடுக்கமும் படபடப்பும் பயத்தின் அச்சு அசலான நகல். இட்லியோ கஞ்சியோ உள்ளே போன அரைமணியில் பாதிப் பயம் கரைந்தால், அந்தப் பாதி பசியின் பங்கு. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது விளையாட்டில்லை, குளுக்கோமீட்டரில் பார்த்துவிட வேண்டும்.

இனி, எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வெளிப்படையாகச் சொல்லாத மருந்து. காலையில் ஒரு கட்டிங். டாஸ்மாக் கடை மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்றாலும், வேண்டும் என்று கேட்பவருக்கு அதற்கு முன்பே கிடைக்கிற இடங்கள் எந்த ஊரிலும் தெரிந்த ரகசியம். இந்த மருந்து வேலை செய்யாது என்று சொன்னால் அது பொய். நிச்சயமாக வேலை செய்யும், இருபது நிமிடத்தில் கை நிதானப்படும். காலியான தட்டில் மறுபடி பாரம் வைத்தாயிற்று, தராசு சமனாகிவிட்டது. ஆனால் இறங்க வேண்டிய படிக்கற்கள் இறங்கவில்லை, மேலே இன்னும் இரண்டு ஏறுகின்றன. அடுத்த முறை சாய்வு இன்னும் கடுமையாக இருக்கும். குடியைத் தொடர்ந்து விட்டுவிட்டுப் பிடிப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நடுக்கம் முந்தையதை விடத் தீவிரமாவதை மருத்துவர்கள் 1970-களிலிருந்தே கவனித்து எழுதியிருக்கிறார்கள். குடிநோயைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் கேட்கும் நான்கு பழைய கேள்விகளில் கடைசி, காலையில் எழுந்ததும் கை நடுக்கத்தை நிறுத்தக் குடித்ததுண்டா என்பதுதான். ஆம் என்ற பதிலுக்கு மற்ற மூன்றைக் காட்டிலும் அதிகக் கனம் உண்டு.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இதற்கு மாற்று என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அல்பிரஸோலம் போன்றவை காபாவின் அதே கதவைத்தான் தட்டுகின்றன. இரத்தத்தில் ஆல்கஹால் மிச்சமிருக்கும்போது அது சேர்ந்தால் மூச்சு அமுங்கிப்போகலாம். நான்கு மணிக்கு மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது, மேலே போட்ட கணக்கைப் பார்த்தால், விழுங்குகிறவருக்கே தெரியாத விஷயம்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்தக் கணக்கில் வேறொரு வரி முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரு குவார்ட்டர் குடித்த நம்மவர் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் அதைத் தொட்டார். இரண்டு குவார்ட்டர் குடித்துவிட்டு, ஆறு மணிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்குகிற பிக்கப் டிரைவரின் இரத்தத்தில் நூறுக்கு மேல் இருக்கும். மெல்லன்பியின் நாய்களைப் போல, இறங்குமுகத்தில் அவருக்குப் போதை தெளிந்துவிட்டதாகவே தோன்றும். தெளிந்ததாகத் தோன்றுவதற்கும், வளைவில் எதிரே பஸ் வரும்போது சரியான நொடியில் பிரேக்கை மிதிப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை அவரால் உணர முடியாது.

எப்போதாவது குடிப்பவருக்கு வரும் மறுநாள் பயம் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும். தண்ணீர், சாப்பாடு, போர்வை, வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடுதல், மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீட்டுதல், இவ்வளவுதான் செய்ய இருக்கிறது. படபடப்பில் நாடித்துடிப்பு வேகமாக இருந்தாலும் சீராக இருக்கும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கும்போது துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக ஓடினால் அது வேறு விஷயம். அளவு மீறிக் குடித்த மறுநாள் இதயத்தின் தாளம் தப்புவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. மார்பில் அழுத்தும் வலி, அது தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான், ஹேங்ஓவர் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

தினமும் குடிப்பவர் நிறுத்தும்போது வருவதும் இதே தராசுதான், ஆனால் அங்கே மாதக் கணக்கில், வருடக் கணக்கில் குவிந்த படிக்கற்கள். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் குழப்பம், காய்ச்சல், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரிவது என்று போனால் உயிருக்கே ஆபத்து. கோவிலுக்கு மாலை போட்டோ, கயிறு கட்டியோ, வீட்டுச் சண்டையிலோ ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் இந்தக் கண்ணியில்தான் மாட்டுகிறார்கள். மறுநாள் பயம் ஒவ்வொரு நாளும் வந்தால், அல்லது இரண்டாம் நாள் குறையாமல் கூடினால், அது ஹேங்ஓவரின் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் குளோர்டயஸிபாக்சைடு போன்ற மருந்தைக் கூடுதலாகத் தொடங்கி நாளுக்கு நாள் குறைத்து, படிக்கற்களை ஒவ்வொன்றாக இறக்குவார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் வைட்டமின் பி1 கொடுப்பார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசிக் கேட்கலாம். அங்கேயும் சரி, மருத்துவர் முன்னாலும் சரி, வெட்கப்பட்டு அளவைப் பாதியாகக் குறைத்துவிடாமல் உள்ளபடி சொல்வது முக்கியம், ஏனென்றால் மருந்தின் அளவு அதை வைத்துத்தான் முடிவாகும்: ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா.